"அந்த ஃபைலை நான் தொடவே இல்லை": பொது ஃபோல்டரில் காணாமல் போன ஒரு மாற்றம்

வாசகர் கேள்வி:

ஐயா, ஐந்து பேர் கொண்ட வடிவமைப்புக் குழுவில் இருக்கிறேன். சாலிட்வொர்க்ஸ் பயன்படுத்துகிறோம். சர்வரிலிருந்து திறந்தால் மெதுவாக இருப்பதால், காலையில் புராஜெக்ட் ஃபோல்டரை அவரவர் கணினிக்குக் காப்பி செய்து, மாலையில் திருப்பிப் போடுவது எங்கள் வழக்கம். போன வாரம், புதிய இயந்திரத்துக்குப் பெரிய மோட்டார் முடிவானதால், சக ஊழியர் ஒருவர் மோட்டார் பிராக்கெட்டின் துளை இடைவெளியை 80 மி.மீ.யிலிருந்து 90 ஆக்கி, மதியம் மூன்று மணி வாக்கில் சர்வரில் போட்டார். நான் அன்று முழுக்க மூடியில்தான் வேலை செய்தேன். மாலை ஆறு மணிக்கு என் ஃபோல்டரைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் எடுத்த பிடிஎஃப் 80 என்றே போய், பிராக்கெட்டுகளும் அப்படியே செய்து வந்துவிட்டன. பழி என் மேல். அந்த ஃபைலை நான் தொடவே இல்லை. இதே பிராக்கெட் எங்கள் பழைய இயந்திரத்திலும் இருக்கிறது. இனி ஃபைல் பெயரிலேயே ரிவிஷனும் பெயரின் முதலெழுத்தும் போடலாம், புதிய ஃபைல் மட்டும் போகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம் என்று நினைக்கிறேன். மேலாளர் "கவனமாக இருந்தால் போதும்" என்கிறார். ஃபைல்களை நிர்வகிக்கும் பிடிஎம் மென்பொருள் வாங்கச் சொல்லலாமா?

பதில்:

நீங்கள் தொடவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் உங்கள் கணினி தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். சர்வரில் உள்ள பிராக்கெட் ஃபைலைத் திறந்து `File > Properties` போய் `Summary` பக்கத்தைப் பாருங்கள். கடைசியாகச் சேமித்தவர் பெயர் அங்கே இருக்கும். அங்கே உங்கள் பெயரும், நீங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்குச் சற்று முந்தைய நேரமும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

காரணம் இது. மூடியைத் திருத்த நீங்கள் அசெம்பிளியைத் திறந்தீர்கள். அதோடு அதிலுள்ள எல்லாப் பார்ட்டும் உங்கள் கணினியின் நினைவகத்துக்கு வந்துவிட்டன, காலையில் இருந்த பழைய பிராக்கெட்டும் சேர்த்து. அசெம்பிளி ரீபில்ட் ஆகும்போது, நீங்கள் கை வைக்காத பார்ட்டுகளையும் "மாறியிருக்கிறது" என்று சாலிட்வொர்க்ஸ் குறித்துக்கொள்வது உண்டு. மூடியின் விளிம்பை பிராக்கெட்டின் முகத்தோடு சம்பந்தப்படுத்தி வரைந்திருந்தால் இதற்கு இன்னும் வாய்ப்பு அதிகம். சேமிக்கும்போது, மாறிய ஃபைல்களின் பட்டியலோடு ஒரு கேள்வி வரும். எல்லோரும் செய்வதுபோல `Save All` அழுத்தியிருப்பீர்கள். அந்த நொடியில், 80 மி.மீ. துளையுள்ள பழைய பிராக்கெட்டுக்கு மாலை நேர முத்திரை விழுந்துவிட்டது.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட் யோசனையைப் பாருங்கள். சக ஊழியரின் 90 மி.மீ. ஃபைல் மதியம் மூன்று மணிக்குச் சேமித்தது. உங்களுடைய 80 மி.மீ. ஃபைல் ஆறு மணிக்குச் சேமித்தது. "புதியது மட்டும் போகட்டும்" என்று `robocopy`க்கு `/XO` கொடுத்து ஓட்டியிருந்தாலும், அது உங்கள் ஃபைலைத்தான் புதியது என்று எடுத்துக்கொண்டு அவருடையதன் மேல் போட்டிருக்கும், அதுவும் கேள்வியே கேட்காமல். ஃபைலின் நேரம், கடைசியாக யார் சேமித்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. யாருடைய வடிவமைப்பு பிந்தையது என்று அதற்குத் தெரியாது. நேரத்தை வைத்து முடிவெடுக்கும் எந்த ஏற்பாடும் இந்த இடத்தில் கவிழும். இணையத்தில் தானாக ஒத்திசையும் ஃபோல்டரும் இதில் சேர்த்திதான். நீங்கள் மாலையில் ஒருமுறை செய்ததை அது நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும். மோதல் வந்தால் இரண்டாவது பிரதியை வேறு பெயரில் ஒதுக்கிவைக்கும். அசெம்பிளி எந்தப் பிரதியைப் பார்க்கிறது என்பது அதன் கவலை இல்லை.

மேலாளரின் "கவனம்" என்ற யோசனையும் இதனால்தான் உதவாது. நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள். கவனித்துப் பிடிக்கக்கூடிய ஒரு தருணமே இந்த வேலைமுறையில் இல்லை. இதை அவரிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். `Summary` பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், போதும்.

முதலில், தொலைந்ததை மீட்பது

சக ஊழியரின் கணினியில் அந்த 90 மி.மீ. ஃபைல் இன்னும் இருக்கலாம். ஆபத்து என்னவென்றால், வழக்கப்படி காலையில் அவர் சர்வர் ஃபோல்டரைத் தன் கணினிக்கு இறக்கினால் அதுவும் போய்விடும். ஒரு வாரம் ஆகிவிட்டதால் போயிருக்கவும் கூடும். இருந்தாலும் முதலில் அவருடைய ஃபோல்டரை வேறு இடத்தில் அப்படியே நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதில் இல்லையென்றால் சர்வரில் அந்த ஃபைலை வலது சொடுக்கி `Previous versions` பாருங்கள். சர்வரில் அந்த வசதி இயக்கப்பட்டிருந்தால் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலான பிரதி கிடைக்கலாம். இல்லாவிட்டால் தினசரி பேக்கப், அது அந்த நேரத்துக்குள் ஓடியிருந்தால்.

கிடைத்த பிரதிகளில் எது 90 என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றிலும் துளையை அளக்கலாம். ஆனால் அவர் வேறு எதையெல்லாம் மாற்றினார் என்பது அதில் தெரியாது. `Mass Properties` எடுத்து ஒப்பிடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நான்கு துளைகள் மையத்திலிருந்து ஒரே அளவு விலகினால் கனஅளவு மாறாது, ஈர்ப்பு மையமும் மாறாது. அந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நிலைமத் திருப்புத்திறன் எண்கள் மாறும், அதைப் பாருங்கள். கனஅளவும் மாறியிருந்தால், துளையைத் தவிர வேறு ஏதோவும் திருத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை அவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு பிறகு சர்வரில் போடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி

"இதே பிராக்கெட் எங்கள் பழைய இயந்திரத்திலும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்திய வரி அதுதான்.

அப்படியென்றால் முதல் அழிப்பு நடந்தது மாலை ஆறு மணிக்கு அல்ல. மதியம் மூன்று மணிக்கே நடந்துவிட்டது. சக ஊழியர் 80ஐ 90 ஆக்கி அதே பெயரில் சேமித்தபோது, பழைய இயந்திரத்தின் பிராக்கெட் அழிந்தது. அந்த இயந்திரத்துக்கு யாராவது உதிரிபாகம் கேட்டு, நீங்கள் டிராயிங்கைத் திறந்து பிடிஎஃப் எடுத்திருந்தால் 90 மி.மீ. பிராக்கெட் போயிருக்கும், பழைய மோட்டார் அதில் உட்கார்ந்திருக்காது. பிறருடைய மாடலை அழிப்பது என்றாலே இரண்டு பேர் ஒரே நாளில் மோதிக்கொள்வதைத்தான் நினைக்கிறோம். பல மாதங்களுக்கு முன் முடித்து அனுப்பிய வேலையின் மாடலை, அதற்கு உரியவர் யாரும் அருகில் இல்லாதபோது அழிப்பதுதான் இரண்டிலும் மோசம். அதைப் பற்றிப் புகார் சொல்ல அன்றைக்கு ஆள் இருப்பதில்லை.

இதற்கு நம் தொழிலில் நெடுநாளாக இருக்கும் ஒரு விதி உண்டு. மாற்றிய பார்ட்டைப் பழையதன் இடத்தில் மாட்டினால் பொருந்துமா, வேலை செய்யுமா, பழையதைப் புதியதன் இடத்தில் மாட்டினாலும் அப்படியே நடக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அது ரிவிஷன், எண் அதேதான். ஒன்றுக்காவது இல்லை என்றால் அது புதிய பார்ட், புதிய எண் வேண்டும். ஓரத்தை உருட்டினீர்கள், டிராயிங்கில் விடுபட்ட டாலரன்ஸைச் சேர்த்தீர்கள் என்றால் ரிவிஷன். துளை இடைவெளி 80இலிருந்து 90 ஆனால் பழைய மோட்டார் மாட்டாது, அதனால் புதிய எண். உங்கள் பிராக்கெட்டுக்குத் தேவைப்பட்டது ரிவிஷனே அல்ல.

எண் 10137 என்று வைத்துக்கொண்டு, அன்று அந்த மாற்றத்தை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் குழுவின் பதிவேட்டில், ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும், அடுத்த காலி எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 10152 என்று வைப்போம். எண், விவரம், எடுத்தவர், எதிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி எழுதியான பிறகுதான் ஃபைல் பிறக்க வேண்டும். அடுத்து, எல்லா அசெம்பிளியையும் மூடிவிட்டு 10137இன் டிராயிங்கைத் திறந்து `Pack and Go` மூலம் பார்ட், டிராயிங் இரண்டையும் 10152 என்ற பெயரில் நகலெடுக்க வேண்டும். வெறுமனே எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்துப் பெயரை மாற்றினால், புதிய டிராயிங் பழைய பார்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னர் 10152இல் துளையை 90 ஆக்கி, புதிய இயந்திரத்தின் அசெம்பிளியில் `Replace Components` கொடுத்து 10137ஐ 10152 ஆக மாற்ற வேண்டும். நகலில் முகங்களும் விளிம்புகளும் அதே அடையாளத்தோடு இருப்பதால், பார்ட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் மேட்டுகள் பெரும்பாலும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

இதில் வழக்கமாகத் தவறும் இடம் ஒன்று. நகலெடுத்த பார்ட்டோடு அதன் கஸ்டம் பிராப்பர்ட்டிகளும் வந்துவிடும். டைட்டில் பிளாக்கில் பார்ட் எண்ணைக் கையால் எழுதியிருந்தால் 10152இன் டிராயிங் 10137 என்றே அச்சாகும். டெம்ப்ளேட்டில் அந்த இடத்தை ஃபைல் பெயரோடு இணைத்துவிடுங்கள்:

```
$PRPSHEET:"SW-File Name"
```

அப்போது டிராயிங்கில் இருக்கும் மாடலின் பெயர் எதுவோ அதுவே எண்ணாக வரும். ரிவிஷன் பிராப்பர்ட்டியை மட்டும் கையால் துடைத்துவிட வேண்டும். புதிய பார்ட் பழையதன் 'C'யைச் சுமந்துகொண்டு பிறக்கக் கூடாது.

ஃபைல் பெயரில் ரிவிஷன் போடாதீர்கள்

உங்கள் யோசனையில் எனக்கு உடன்பாடில்லாத முக்கியமான இடம் இது. `Bracket_Rev2_KS.SLDPRT` என்று வைத்தால் ஒருவருடையதை ஒருவர் அழிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அசெம்பிளி தன் பார்ட்டுகளைப் பெயரையும் பாதையையும் வைத்துத்தான் தேடுகிறது. `Rev3` என்று புதிய ஃபைல் பிறந்த பிறகும் அசெம்பிளி `Rev2`வையே திறந்துகொண்டிருக்கும், டிராயிங்கும் அப்படியே. மூன்று அசெம்பிளிகளில் அந்த பிராக்கெட் இருந்தால் மூன்றிலும் ஒவ்வொருவராகப் போய் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்துவிடும். மாற்றம் அழிந்துபோவதற்குப் பதில், மாற்றம் போய்ச் சேராமலே நிற்கும். பட்டறையில் இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

வேலையில் இருக்கும் மாடலுக்கு ஒரே பெயர்தான், ஆயுள் முழுக்க. `10137.SLDPRT`, அதற்கு `10137.SLDDRW`. ரிவிஷன் எழுத்து, வெளியே போகும் ஃபைல்களின் பெயரில் வரட்டும்: `10137_A.pdf`, `10137_A.step`. வெளியே போனது ஒருமுறை உறைந்த ஃபைல், அதை எந்த அசெம்பிளியும் தேடாது. அதனால் அங்கே எழுத்து வருவது யாரையும் கெடுக்காது.

விவரம் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் எதுவும் புரியாது என்று குழுவில் முணுமுணுப்பு வரும். விவரத்தை பிராப்பர்ட்டியிலும் பதிவேட்டிலும் வைத்துக்கொண்டு தேடலாம். பெயரில் விவரம் இருந்தால் அது ஒருநாள் பொய்யாகும். "இடது பிராக்கெட்" வலதுபுறமும் மாட்டப்படும், யாராவது பெயரைத் திருத்தப் போவார்கள், இணைப்பு உடையும். எண்ணில் புராஜெக்ட் குறியீடும் வேண்டாம். உங்கள் பிராக்கெட்டே இரண்டு இயந்திரங்களில் இருக்கிறது, அது எந்தப் புராஜெக்ட்டைச் சேர்ந்தது?

எண் நிறுவனம் முழுவதற்கும் ஒருமுறைதான் வர வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு ஃபோல்டர்களில் `Bracket.SLDPRT` என்று இரண்டு வெவ்வேறு பார்ட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றதன் அசெம்பிளியைத் திறந்தால், சாலிட்வொர்க்ஸ் ஏற்கெனவே நினைவகத்தில் அந்தப் பெயரில் இருப்பதையே எடுத்து அசெம்பிளியில் வைக்கப் பார்க்கும். மேட்டுகள் சிவப்பாகும். பலர் அதை "ஏதோ மேட் எர்ரர்" என்று சரிசெய்து சேமித்துவிடுவார்கள். அதன் பிறகு அந்த அசெம்பிளி நிரந்தரமாகவே தவறான பார்ட்டைப் பார்க்கத் தொடங்கும். காரணமில்லாமல் மேட்டுகள் ஒரேயடியாகச் சிவந்தால், சரிசெய்வதற்கு முன் `File > Find References` திறந்து ஒவ்வொரு ஃபைலும் எந்தப் பாதையிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஃபோல்டர் அமைப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து பேருக்கு இது போதும்:

```
P:\DESIGN\
  PARTS\10000\     10137.SLDPRT  10137.SLDDRW
  PARTS\11000\
  LIBRARY\
  RELEASED\10137\  10137_A.pdf  10137_A.step  10137_A.zip
  SCRATCH\
```

பார்ட், அசெம்பிளி, டிராயிங் எல்லாம் எண் வரிசையில் `PARTS`க்குள். புராஜெக்ட் என்பது அதிலுள்ள ஒரு மேல்மட்ட அசெம்பிளியின் எண், அவ்வளவுதான். இப்படி வைத்தால் ஒரு பார்ட்டை இரண்டாவது இயந்திரத்தில் பயன்படுத்தும்போது அதை "அந்த ஃபோல்டருக்கும் ஒன்று" என்று நகலெடுக்கும் ஆசை வராது. `LIBRARY`இல் போல்ட், பேரிங் போன்ற வாங்கும் சாமான்கள். `SCRATCH` அவரவர் கிறுக்கிப் பார்க்க. அங்கே இருப்பதை எந்த அசெம்பிளியும் பார்க்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒருவர் கையில்

காலை மாலை காப்பி வழக்கத்தை நிறுத்த வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாம் செய்தாலும் பயனில்லை. எல்லோரும் சர்வரில் உள்ள ஒரே ஃபைலைத் திறந்தால்தான் "இது இன்னொருவர் கையில் இருக்கிறது" என்று மென்பொருளால் சொல்ல முடியும். திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் `~$10137.SLDPRT` போன்ற ஒரு சின்ன மறைவு ஃபைல் உருவாகும். இரண்டாவதாகத் திறப்பவருக்கு எச்சரிக்கை வந்து, படிக்க மட்டும் என்ற நிலையில் திறக்கும். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும் வரை இந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை.

ஆனால் இதை மட்டும் செய்தால் புதுத் தொல்லை வரும். காலையில் முதலில் வந்து மேல்மட்ட அசெம்பிளியைத் திறப்பவர், எல்லாப் பார்ட்டையும் தன் கையில் பிடித்துக்கொள்வார். மற்ற நால்வரும் எதையும் சேமிக்க முடியாது. அதற்கு `System Options > External References` பக்கத்தில் `Open referenced documents with read-only access` என்பதை ஐந்து கணினிகளிலும் போடுங்கள். இனி அசெம்பிளியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பார்ட்டுகள் படிக்க மட்டுமே வரும். `Collaboration` பக்கத்தில் பல பயனர் சூழலை இயக்கி, அதன் வலது சொடுக்கு மெனுவையும் சேர்த்துவிட்டால், திருத்த வேண்டிய ஒரே பார்ட்டின் மேல் `Get Write Access` கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், முடிந்ததும் `Make Read-Only` கொடுத்து விட்டுவிடலாம். உங்கள் சம்பவம் இந்த நிலையில் நடந்திருக்காது. பிராக்கெட் உங்களிடம் படிக்க மட்டும் இருந்திருக்கும், `Save All` அதைச் சேமிக்க முடிந்திருக்காது.

இரண்டு விஷயங்களை மட்டும் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஒன்று, படிக்க மட்டும் திறந்த பார்ட் காலாவதி ஆகும். பத்து மணிக்கு நீங்கள் திறந்தீர்கள், பதினொன்றுக்கு அவர் பிராக்கெட்டை மாற்றிச் சேமித்தார் என்றால், உங்கள் திரையில் இன்னும் பத்து மணி பிராக்கெட்தான். அதன் விளிம்பைப் பிடித்து மூடியை வரைந்தால் மூடி தவறும். பிறருடைய பார்ட்டோடு ஒட்டி வேலை தொடங்கும்முன் `Reload` கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இரண்டு, சேமிக்க முடியவில்லை என்று மென்பொருள் சொல்லும்போது கை `Save As` பக்கம் போகும். அசெம்பிளி திறந்திருக்கும் நிலையில் பார்ட்டை `Save As` செய்து வேறு பெயர் கொடுத்தால், அந்த அசெம்பிளி சத்தமில்லாமல் புதிய பெயருக்கு மாறிக்கொள்ளும். சர்வரில் கிடக்கும் `bracket_final_KS` வகைப் பெயர்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான் என்பது என் அனுபவம். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள மட்டும்தான் ஆசை என்றால் `Save as copy and continue` தேர்ந்தெடுத்து `SCRATCH`இல் போடுங்கள். அசெம்பிளி பழைய பெயரிலேயே இருக்கும்.

மெதுவாக இருக்கிறது என்றுதானே இந்த வழக்கமே வந்தது? அதற்குத் தனியாக வழி தேடுங்கள். கம்பி நெட்வொர்க், சர்வரில் திடநிலை வட்டு, பெரிய அசெம்பிளிகளை லைட்வெயிட் நிலையில் திறப்பது, இந்த மூன்றிலேயே பெரும்பாலும் தாங்கக்கூடிய வேகம் வந்துவிடும். வெளியூரிலிருந்து மெதுவான இணைப்பில் வேலை செய்பவர் இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு போதாது, பிடிஎம் தேவைப்படும்.

வெளியே அனுப்பும் உரிமை யாருக்கு

`RELEASED` ஃபோல்டரில் எழுதும் அனுமதி ஒரே ஒருவருக்கு, அவர் விடுப்பில் இருந்தால் இன்னொருவருக்கு. மற்றவர்கள் படிக்கலாம், அழிக்கவோ மேலெழுதவோ முடியாது. இதை சர்வரின் அனுமதி அமைப்பில் செய்யுங்கள். ஃபைலின் `Read-only` பெட்டியில் குறி போடுவது பூட்டு ஆகாது, எவரும் எடுத்துவிடலாம். பட்டறைக்கோ விற்பனையாளருக்கோ போகும் ஃபைல் எதுவும் இந்த ஃபோல்டரிலிருந்துதான் போக வேண்டும். வரைந்தவரே டிராயிங்கைத் திறந்து பிடிஎஃப் எடுத்து அனுப்பும் வழி அடைபட வேண்டும். மறுநாள் 80 மி.மீ. பிடிஎஃப் போனது அந்த வழியாகத்தான். பூட்டி வைக்கும் அந்த ஒருவர், மாற்றக் குறிப்பில் "90" என்று இருப்பதையும் டிராயிங்கில் "80" என்று இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருப்பார்.

பிடிஎஃப், ஸ்டெப் ஃபைலோடு, `Pack and Go` எடுத்த ஜிப் ஒன்றையும் அங்கே வையுங்கள். ரிவிஷன் B வந்த பிறகு A எப்படி இருந்தது என்று பார்க்க அதுதான் வழி, ஏனென்றால் `PARTS`இல் இருப்பது எப்போதும் கடைசி நிலை மட்டுமே. ஜிப்பைப் பிரித்துப் பார்க்கும்போது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். உள்ளே இருப்பதும் `10137.SLDPRT` என்ற அதே பெயர்தான், மேலே சொன்ன நினைவகக் குழப்பம் அங்கேயும் வரும். ரிவிஷனுக்கு எழுத்துகள் போடும்போது I, O, Q, S, X, Z ஆகியவற்றைத் தவிர்ப்பது ASME Y14.35 தரநிலையின் வழக்கம். கையெழுத்திலோ மங்கலான அச்சிலோ 1, 0, 5, 2 என்று படித்துவிடும் தொல்லை குறையும்.

பிடிஎம் பற்றி

வாங்கச் சொல்வதற்கு முன், கையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் புரொஃபெஷனல், பிரீமியம் உரிமங்களோடு பிடிஎம் ஸ்டாண்டர்டு சேர்ந்தே வருகிறது. நிறுவாமல் விட்டிருப்பவர்கள் நிறைய. அது செய்வது அடிப்படையில் மேலே நாம் கையால் செய்ததைத்தான். செக்-அவுட் செய்தவர் மட்டும் திருத்தலாம், ஒவ்வொரு செக்-இன்னும் ஒரு வெர்ஷனாக நிற்கும், பழையதை எப்போதும் திரும்ப எடுக்கலாம். ஆளுக்கு ஆள் தன் கணினியில் பிரதி வைத்து வேலை செய்வதையும் அது பாதுகாப்பாக அனுமதிக்கும். உங்கள் வேகப் பிரச்சினைக்கு அது நல்ல விடை.

அது செய்யாதது என்னவென்றால், 80ஐ 90 ஆக்கியபோது புதிய எண் வேண்டுமா என்று அது கேட்காது. சக ஊழியர் 10137ஐ முறையாகச் செக்-அவுட் செய்து, மாற்றி, முறையாகச் செக்-இன் செய்திருப்பார். பழைய இயந்திரம் அப்போதும் தவறான பிராக்கெட்டைத்தான் காட்டியிருக்கும், இந்தமுறை வரலாற்றுப் பதிவோடு. ஒரே பெயரில் மூன்று `Bracket.SLDPRT` இருக்கும் குப்பையை அப்படியே பிடிஎம்முக்குள் கொட்டினால், அதே குழப்பம் அங்கேயும் தொடரும். அதனால் பதிவேடு, எண், வெளியீட்டு ஃபோல்டர் மூன்றையும் முதலில் கையால் நடைமுறைப்படுத்தி, ஒரு புராஜெக்ட் அப்படி ஓடிய பிறகு பிடிஎம்முக்குப் போங்கள். குழுவில் ஒருவர் அதன் நிர்வாகத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் எண் போட முயல வேண்டாம். இனி பிறப்பவை எல்லாம் எண்ணோடு பிறக்கட்டும். பழையவற்றில் எதைத் திருத்தத் திறக்கிறீர்களோ அதற்கு அன்று எண் போடுங்கள். பெயர் மாற்றுவதை எக்ஸ்ப்ளோரரில் நேரடியாகச் செய்யாமல், ஃபைலின் மேல் வலது சொடுக்கி வரும் `SOLIDWORKS > Rename` மூலம் செய்தால் அதைப் பயன்படுத்தும் அசெம்பிளிகளும் டிராயிங்குகளும் சேர்ந்து மாறும். அப்போதும் அது தேடிக் கண்டுபிடித்த பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். தேடல் போகாத ஃபோல்டரில் இருக்கும் அசெம்பிளி விடுபடும்.

கடைசியாக, செய்து வந்துவிட்ட அந்த 80 மி.மீ. பிராக்கெட்டுகள். அவற்றைக் கழிவில் போடச் சொல்லியிருந்தால் உடனே நிறுத்துங்கள். துளையைத் தவிர வேறு மாற்றம் இல்லை என்று `Mass Properties` ஒப்பீட்டில் தெளிவானால், அவை பழைய இயந்திரத்தின் சரியான 10137 பிராக்கெட்டுகள். அளவு சோதித்து, அந்த எண்ணில் அட்டை கட்டி, உதிரிபாகக் கையிருப்பில் சேர்த்துவிடலாம். புதிய இயந்திரத்துக்கு 10152இன் முதல் வெளியீட்டை அனுப்பும்போது, முந்தைய பிடிஎஃப் ரத்து என்று பட்டறைக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களிடம் இருக்கும் அச்சுப் பிரதிகளையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.